கிலோவுக்கு எத்தனை கலோரி?



மதுரை பெரியாஸ்பத்திரியிலோ, தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையிலோ, ஊர்ப்புறத்து அரசு மருத்துவமனை ஒன்றிலோ ஒருவரைச் சேர்த்துவிட்டால், உடன் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?" என்பது. அந்த "எவ்வளவு" என்பதற்கு உணவியல் வல்லுநர்களாகிய நாங்கள் ஒரு சுருக்கக் கணக்கு வைத்திருக்கிறோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி. அறுபது கிலோ எடையுள்ள நோயாளிக்கு 1500 முதல் 1800 கலோரி. காகிதமும் பேனாவும் தேவையில்லை, மனக்கணக்கே போதும். இன்று இந்தக் கணக்கு எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பேசுகிறேன்.

ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் உடல் கலோரியைச் செலவிடுகிறது. அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவை மூளை, ஈரல், இதயம், சிறுநீரகங்கள். இதயமும் சிறுநீரகமும் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 440 கலோரி வரை எரிக்கின்றன. தசை ஒரு கிலோவுக்குச் சுமார் 13 கலோரி. கொழுப்போ நாலரை கலோரிதான். நடுத்தர உடல்வாகு உள்ளவரிடம் இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதால், மொத்த எடையை வைத்துப் போடும் கணக்கு பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. விகிதம் மாறினால் கணக்கும் மாறும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 150 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் கொண்ட ஒரு பெண் இருக்கிறார் என்று கொள்வோம். கிலோவுக்கு 25 என்றால் 2250 கலோரி வருகிறது. கூடுதல் எடையில் பெரும்பங்கு கொழுப்பு என்பதால் அவ்வளவு அவருக்குத் தேவையில்லை. கொடுத்தால் சர்க்கரைதான் ஏறும். இப்படிப்பட்டவர்களுக்குக் கிலோவுக்கு 11 முதல் 14 கலோரி போதும், புரதத்தைக் குறைக்காதீர்கள் என்கிறது அமெரிக்க நிபுணர் சங்கங்கள் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி. அந்தக் கணக்கில் இவருக்கு வருவது 990 முதல் 1260 வரை. சிறுநீரகக் கோளாறிலும் ஈரல் கோளாறிலும் காலும் வயிறும் வீங்கியவர்களின் எடையில் பல கிலோ வெறும் தண்ணீராக இருக்கும். தண்ணீர் கலோரி கேட்காது. வீக்கத்துக்கு முந்தைய எடை என்ன என்று விசாரித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய ஆள் இந்த இரு வகையினரும் அல்ல, மெலிந்துபோய் வருகிறவர்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 160 சென்டிமீட்டர். காசநோய். நாலு மாதத்துக்கு முன் 52 கிலோ இருந்தவர் இன்று 38 கிலோ. இரண்டு வாரமாக இரண்டு வாய்க் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. கிலோவுக்கு 30 என்று போட்டால் 1140 கலோரி. இந்த உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை சுமார் 56 கிலோ என்று போட்டால் ஏறக்குறைய 1700. எதைக் கொடுப்பது?

முதல் நாளில் இரண்டையும் கொடுக்கக் கூடாது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடல், சொந்தக் கொழுப்பை எரித்தே பிழைத்திருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் சுரக்கிறது. அது சர்க்கரையோடு பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புகளையும் இரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருப்பு குறைந்த உடலில் இவை சட்டென்று சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். வைட்டமின் பி1 தீர்ந்துபோய் மூளையும் பாதிக்கப்படும். மருத்துவர்கள் இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். பெரும்பாலும் சாப்பிடத் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே தலைகாட்டும். "நேற்றுதான் நன்றாகச் சாப்பிட்டார், இன்று இப்படி ஆகிவிட்டதே" என்று குடும்பம் திகைப்பது இதனால்தான்.

அதனால் இவரைப் போன்றவர்களுக்குக் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கச் சொல்கிறது 2006-இல் வந்த பிரிட்டனின் வழிகாட்டி. 38 கிலோவுக்கு 380 கலோரி. அது இரண்டு தம்ளர் பசும்பால், இரண்டு இட்லி, அவ்வளவுதான். அதையும் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். பாலில் பாஸ்பேட் இருப்பதால் இங்கே அது நல்ல தேர்வு. முதல் வாய்க்கு முன்பே வைட்டமின் பி1 போட்டுவிடுவார்கள். தினமும் இரத்தத்தில் அந்த மூன்று உப்புகளையும் பார்த்து, சரியாக இருந்தால் படிப்படியாக ஏற்றி, ஒரு வாரத்தில் 1140-ஐத் தொடலாம். அதன் பிறகு எடை ஏற வேண்டுமென்றால் 1700-ஐ நோக்கிப் போகத்தான் வேண்டும். 1140-இலேயே நின்றுவிட்டால் மெலிந்த உடல் மெலிந்தபடியே இருக்கும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, கால் வீக்கம், தாங்கலின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மிக மெலிந்தவர்களை உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். மாத்திரை சரியாகக் கொடுத்தும் மெலிவினாலேயே உயிர் போவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். "சாப்பிட முடியவில்லை, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்" என்று கேட்கிறோம். அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. கலோரிக் கணக்கில் சுமார் 85. ஒன்றரை இட்லிக்குக்கூடக் காணாது. அது உணவுக்கு மாற்றே அல்ல. அதே சமயம், பட்டினி கிடந்தவருக்கு வைட்டமின் பி1 கொடுக்காமல் ஏற்றினால் மேலே சொன்ன ஆபத்தையும் தூண்டிவிடும்.

இன்னொரு பலவீனம் தராசில் இருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் வந்தவரை எடை போட முடியாமல், "அறுபது இருக்கும்" என்று உறவினர் சொல்வதையே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது நடக்கிறது. ஆள் உண்மையில் 45 என்றால் கணக்கு அங்கேயே மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. படுத்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இடது மேல்கையின் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவைப் பார்க்கலாம். 23.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆள் மெலிந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எடை சரியாக இருந்தாலும் வரும் விடை உத்தேசம்தான். காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் செலவு பத்து சதவீதம் போல ஏறும். அசைவின்றிக் கிடந்தால் குறையும். ஒருவர் உள்ளிழுக்கும் ஆக்ஸிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்து உண்மைச் செலவைக் காட்டும் கருவி இருக்கிறது. ஆனால் விலை அதிகம், மிகச் சில இடங்களில்தான் உண்டு. அது இல்லாத இடத்தில் வாரம் இருமுறை எடையும், தட்டில் மிஞ்சியது எவ்வளவு என்ற தினக் குறிப்பும்தான் கணக்கைத் திருத்தும். கால் வீக்கம் இல்லாமல் எடை ஏறினால் சரியான பாதை. இரண்டே நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டு நோயாளியைச் சேர்க்கும்போது மூன்று செய்திகளைக் கேட்காமலேயே சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் எடை என்ன, கடந்த பத்து நாளில் என்ன சாப்பிட்டார், கால் வீங்கியிருக்கிறதா. மெலிந்து வந்தவருக்கு முதல் நாள் அளவு குறைவாகக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று எண்ணி, வெளியே ஆட்டுக்கால் சூப்பும் பரோட்டாவும் வாங்கி வந்து ஊட்டாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அதன் பிறகு அவர் வயிறாரச் சாப்பிடலாம்.