பச்சோந்தியின் நாக்கு

பச்சோந்தி என்றதும் நிறம் மாறுவதுதான் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நிறத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்கு அது பூச்சி பிடிக்கும் விதத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறவன் நான். மாணவர்களை முள்காட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுவதற்கு, இதைவிட எனக்குப் பிடித்த காட்சி வேறு இல்லை.

முதலில், எந்த விலங்கைச் சொல்கிறேன் என்பது தெளிவாக வேண்டும். வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்து சிவந்து நிற்குமே, அது ஓணான். ஆளைக் கண்டதும் ஓடிவிடும். பச்சோந்தி ஓடாது. இரண்டு பக்கமும் அழுத்தித் தட்டையாக்கியது போன்ற உடம்பு, சுருட்டி வைத்த வால், கிளையை இடுக்கிப் பிடிக்கும் விரல்கள். ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் முன்னும் பின்னும் பலமுறை ஆடும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து இருப்பது ஒரே இனம். நம் வறண்ட முள்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிறது. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும்தான் இதன் உறவினர்கள் ஏராளம்.

இவ்வளவு மெதுவாக நகரும் பிராணி தத்துக்கிளியைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே இருந்த இடத்திலிருந்தே தேட வேண்டும், இருந்த இடத்திலிருந்தே பிடிக்க வேண்டும். தேடுவது கண்ணின் வேலை.

பச்சோந்தியின் கண்ணைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? மேல் இமையும் கீழ் இமையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூம்பாகி, நுனியில் சின்னத் துளை மட்டும் திறந்திருக்கும். இமையோடு சேர்ந்தே கண் சுழலும். கிடைமட்டத்தில் ஏறக்குறைய 180 பாகை, மேலும் கீழுமாக ஏறக்குறைய 90 பாகை. ஒரு கண் முன்னால் உள்ள கிளையைப் பார்க்கும்போது, மற்றது முதுகுக்குப் பின்னால் பருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பு அசையாமலே சுற்றுப்புறம் முழுவதும் கண்காணிப்பில் இருக்கும்.

அப்படியானால் இரண்டு கண்ணும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியாக இயங்குகின்றனவா? இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். பச்சோந்திக்கு முன்னால் ஒரு திரையை வைத்தார்கள். அதில் பூச்சி போன்ற ஓர் உருவம் தோன்றி, இரண்டாகப் பிரிந்து, எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தது. பச்சோந்தியின் ஒரு கண் ஒன்றைத் தொடர்ந்தது, மறு கண் மற்றதைத் தொடர்ந்தது. சற்று நேரத்தில் பச்சோந்தி இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டது. உடனே, மற்ற உருவத்தைத் தொடர்ந்துகொண்டிருந்த கண்ணும் திரும்பி வந்து, தேர்ந்த இரையின் மேல் நின்றது. இரண்டு கண்ணுக்கும் இடையே தகவல் போய் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேடும்போது கண்கள் பிரிந்திருக்கும், முடிவெடுத்ததும் ஒன்று சேரும்.

இரை கிடைத்தாயிற்று. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நமக்கு இரண்டு கண்ணும் தரும் இரண்டு காட்சிகளின் வேறுபாட்டிலிருந்து மூளை தூரத்தைக் கணித்துச் சொல்கிறது. பச்சோந்தியும் நாக்கை நீட்டுமுன் இரண்டு கண்ணையும் இரைமேல் வைக்கிறதே, அதுவும் அப்படித்தான் அளக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். லிண்ட்சே ஹார்க்னெஸ் என்ற ஆய்வாளர் 1977-இல் வெளியிட்ட சோதனை வேறு விதமாகச் சொன்னது. பச்சோந்தியின் கண்முன் வில்லைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆமாம் நேயர்களே, பச்சோந்திக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள்! வில்லை வைத்ததும் தூரக் கணக்குப் பிசகியது. நாக்கு சரியான தூரத்துக்குப் போகவில்லை. எவ்வளவு பிசகும் என்பதை வில்லையின் திறனை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. காரணம் இதுதான்: இரையின் உருவம் விழித்திரையில் தெளிவாக விழ, கண் தன் குவியத்தை எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கிறது என்பதையே பச்சோந்தி தூரத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஒரு கண்ணே போதும்.

1995-இல் ஓட், ஷேஃபெல் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள். முதுகெலும்புள்ள விலங்குகளின் கண்ணில் உள்ள வில்லை பொதுவாக ஒளியைக் குவிக்கும். பச்சோந்தியின் வில்லை ஒளியை விரிக்கிறது. குவிக்கும் வேலையைக் கண்ணின் முன்புறத்துக் கருவிழிப்படலம் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேரும்போது விழித்திரையில் விழும் உருவம் பெரிதாகிறது. உருவம் பெரிதாக இருந்தால் குவியத்தில் வரும் சிறு பிசகும் உடனே தெரியும். தூரத்தை ஒற்றைக் கண்ணால் அளக்கும் பிராணிக்கு அது பெரிய உதவி.

கண்ணைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன். மீதி நேரம் நாக்குக்கு வேண்டும்.

மாணவர்களிடம் கைப்பேசியை மெதுவோட்டத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வேன். நொடிக்கு 240 படம் எடுக்கும் கருவி இப்போது பலர் கையிலும் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால், பூச்சி இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான் தெரியும். நாக்கு கிளம்பி இரையைத் தொடுவது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. 240 படத்தில் 24-ஐக்கூட அது தாண்டாது. ஆனால் பிள்ளைகள் பதிவைப் போட்டுப் பார்க்கும்போது, அதற்கு முந்தைய பகுதியைத் தள்ளிவிட்டு நேரே நாக்கு பாயும் இடத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பப் பின்னால் போகச் சொல்வேன். ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வாய் மெல்லத் திறக்கிறது. நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி நிற்கிறது. பாய்ச்சலைவிட இந்தக் காத்திருப்பு நீளமானது. சும்மா நிற்பது போலத் தெரிகிறதே, அந்த நேரத்தில்தான் நாக்குக்குள் விசை ஏறிக்கொண்டிருக்கிறது.

நாவடி எலும்பிலிருந்து முன்னோக்கி ஒரு குச்சி நீள்கிறது. நுனியில் கூம்பிப் போகும் குச்சி அது. அதைச் சுற்றிக் குழாய் போல ஒரு தசை. தசைக்கும் குச்சிக்கும் நடுவே, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய மெல்லிய உறைகள். தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்னும் நாரால் ஆனவை அவை. குழாய்த் தசை சுருங்கும்போது குச்சியை நாலாபுறமும் இறுக்குகிறது. இறுக்கும் தசை மெலிவதால் அது நீளவாக்கில் நீள்கிறது, கூடவே உள்ளே உள்ள உறைகளும் இழுபட்டு விறைக்கின்றன. இந்தக் கட்டம் வரைக்கும் எல்லாம் நிதானம். நீண்டுகொண்டே போய் உறைகளின் முனை குச்சியின் கூம்பிய நுனியைத் தாண்டியதும், இறுக்கத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள், சரேலென்று தெறித்து ஓடும். நாக்கும் அப்படித்தான் குச்சியைவிட்டு வழுக்கிக்கொண்டு பறக்கிறது.

இது நமக்கு எப்படித் தெரியும்? நெதர்லாந்தின் டி க்ரோட், வான் லேவன் இருவரும் 2004-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நாக்கின் வேகத்தையும் தசையின் எடையையும் வைத்து, பாயும் கணத்தில் ஒரு கிலோ தசைக்கு எத்தனை வாட் திறன் வெளிப்படுகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த விடை ஏறக்குறைய 3,000 வாட். எந்தத் தசையும் நேரடியாக அவ்வளவு தர முடியாது. முன்பே சேமித்து ஒரே மூச்சில் விடுவித்தால் மட்டுமே கிடைக்கும் அளவு அது. பிறகு 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டோபர் ஆண்டர்சன் 20 இனங்களை அளந்தார். உருவம் சிறுக்கச் சிறுக்க நாக்கு வேகம் பிடிக்கும் வீதமும் கூடியது. கட்டைவிரல் அளவுள்ள ஓர் ஆப்பிரிக்கப் பச்சோந்தி, உடல் நீளத்தில் இரண்டரை மடங்குக்கு நாக்கை நீட்டியது. அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 264 மடங்கு.

இந்தச் சேமிப்பின் பலன் குளிரில் தெரியும். மார்கழிக் காலையில் மலையடிவாரத்தில் ஒரு புதரருகே மாணவர்களோடு காத்திருந்தோம். வெயில் இன்னும் எட்டவில்லை. பச்சோந்தி ஒரு வெட்டுக்கிளியை அடித்தது. நாக்கு வழக்கம்போலப் பாய்ந்தது. திரும்பி வரத்தான் தயங்கியது. பூச்சி நுனியில் ஒட்டித் தொங்க, நாக்கு மெல்ல மெல்ல உள்ளே போனதை எல்லோரும் வெறும் கண்ணால் பார்த்தோம். ஆண்டர்சனும் டெபன் என்பவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்களில் சொல்கிறது. வெப்பநிலை 25 பாகையிலிருந்து 15-க்கு இறங்கினால், பாய்ச்சலின் திறன் 10 முதல் 19 விழுக்காடுதான் குறைகிறது. இழுப்பதன் திறனோ 42 முதல் 63 விழுக்காடு வரை குறைந்துவிடுகிறது. பாய வைப்பது சேமித்த விசை, குளிர் அதை அதிகம் தொடாது. இழுப்பதோ தசையே நேரடியாகச் செய்யும் வேலை, குளிரில் தசை சோம்பும்.

அந்த இழுக்கும் தசையும் சாதாரணமானது அல்ல. நம் தசைகளுக்குள் குறுக்கே தடுப்புகள் உண்டு, அவற்றில் முட்டியதும் சுருக்கம் நின்றுவிடும். பச்சோந்தியின் இந்தத் தசையில் அத்தடுப்புகளில் துளைகள் இருக்கின்றன. இழைகள் துளை வழியே அப்பாலும் நுழைவதால், நீண்டு கிடந்த தசை மிகச் சிறிதாகச் சுருங்க முடிகிறது.

இனி, பூச்சி எப்படி ஒட்டுகிறது? நாக்கின் நுனியில் சுரக்கும் சளி நம் எச்சிலைவிட ஏறக்குறைய 400 மடங்கு பாகுத்தன்மை உடையது என்று பெல்ஜியத்தில் 2016-இல் அளந்தார்கள். அந்தச் சளியைத் தகட்டில் பூசி, சாய்த்து, மேலே எஃகுக் குண்டை உருட்டி, அது எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பார்த்து அளந்த அளவு. இவ்வளவு கெட்டியான திரவம் மெல்லப் பிரித்தால் பிரியும், வெடுக்கென்று இழுத்தால் விடாது. நாக்கு வெடுக்கென்று இழுப்பதால்தான் பெரிய இரையும் கழன்று விழுவதில்லை. நுனியில் உள்ள தசைகள் நடுப்பகுதியைக் குழிவாக உள்ளிழுத்து இரையைக் கவ்விக்கொள்வதும் உண்டு.

தவறுவதும் உண்டு நேயர்களே. கிளம்பிய நாக்கைப் பாதி வழியில் திருப்ப முடியாது. அந்தக் கணத்தில் பூச்சி பறந்துவிட்டால், நாக்கு இலையில் அடித்து வெறுமனே திரும்பும். பச்சோந்தியிடம் பதற்றம் எதுவும் இருக்காது. கண்கள் மறுபடி பிரிந்து தேடத் தொடங்கிவிடும்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது. போகுமுன் ஒரு வேண்டுகோள். பெண் பச்சோந்தி முட்டையிட மண்ணைத் தேடி மரத்திலிருந்து இறங்கி வரும், சாலையைக் கடக்கும். அதன் நடையை நீங்கள் அறிவீர்கள், வண்டிக்கு முன் அதனால் விலக முடியாது. விஷமென்று அஞ்ச வேண்டாம், அதற்கு விஷம் இல்லை. வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டாம், வளர்ப்பது சட்டப்படி குற்றம். வண்டியை நிறுத்தி, ஒரு குச்சியை நீட்டினால் அதுவே ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விட்டுவிட்டுப் போங்கள்.