"மாடியா, கீழா?" என்று முன்கூட்டியே கேட்போம்

(ஜும்ஆவுக்குப் பின் நடந்த நலத்திட்டக் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்த நம் சகோதரர் ஒருவர், உயரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டார். இப்போது சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறார். வீட்டைத் தம் மனைவி பெயருக்கு எழுதி வைக்க விரும்பினார். பத்திரம் தயாரானது, டோக்கனும் கிடைத்தது. வாடகை வண்டி பிடித்துப் போய் இறங்கினால், அலுவலகம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. "நாலு பேரா தூக்கிட்டு வாங்க" என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை, திரும்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். முதுகுத்தண்டில் அடிபட்டவரை நாற்காலியோடு படியில் தூக்குவது ஆபத்தானது. கால் தவறினால் தூக்குபவரும் சேர்ந்து விழுவார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2023 அக்டோபரில் மும்பையில் விராலி மோடி என்ற மாற்றுத்திறனாளிச் சகோதரி தம் திருமணத்தைப் பதிவு செய்யப் போனார். அலுவலகம் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. கையெழுத்து வாங்க அதிகாரிகள் கீழே இறங்கி வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டுதான் மேலே போனார்கள். அவர் அதை வெளியே எழுதிய பிறகே நாடு முழுக்கத் தெரிந்தது.

டோக்கன் போடும்போது நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் நாற்காலி உள்ளே போகுமா என்பது டோக்கனில் தெரியாது. அதை நாம்தான் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். போனில் கேட்டால் "வாங்க, பார்த்துக்கலாம்" என்பார்கள். அது பதில் அல்ல. அன்றைக்கு வேறு ஆள் பணியில் இருந்தால் அந்தப் பேச்சும் போய்விடும். ஆகவே எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

இரண்டாம் முறை அந்தச் சகோதரருக்காக நாங்கள் எழுதிய கடிதம் இதுதான்:

"ஐயா, வரும் புதன்கிழமை காலை 10.30 மணி டோக்கனில் பத்திரம் எழுதிக் கொடுப்பவர் சக்கர நாற்காலியில் வருகிறார். அவரால் எழுந்து நிற்கவோ படி ஏறவோ இயலாது. நாற்காலியின் அகலம் 26 அங்குலம். தரைத்தளத்தில் கையெழுத்தும் கைரேகையும் பெற இயலுமா? வாசலில் படி உண்டா, சாய்தளம் உண்டா? இயலாது என்றால் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். அவ்வாறாயின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 38ஆம் பிரிவின்படி அவர் வீட்டுக்கு வந்து விசாரிக்கக் கோருகிறோம்."

இதில் நோயின் கதை இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன முடியாது, என்ன வேண்டும், எப்போதுக்குள் பதில் வேண்டும் என்பவை மட்டுமே இருக்கின்றன. "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் தூக்கிவிட ஆள் வருவார், வழி கிடைக்காது. நாற்காலியின் அகலத்தைச் சக்கரத்தின் வெளிவிளிம்போடு சேர்த்து அளந்து எழுதுங்கள். வாசல் அதைவிட ஓரிரு அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தைத் தள்ளும் கை உரசும்.

"லிஃப்ட் இருக்கிறது" என்று பதில் வந்தாலும் இன்னொன்று கேளுங்கள்: லிஃப்ட் வரை போகப் படி உண்டா? மூன்று படி ஏறித்தான் லிஃப்ட் என்றால் அது நமக்கு உதவாது. சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரை அடிப் படிக்கு ஆறு அடி. இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தால் நாற்காலி பின்னால் கவிழும்.

அந்தக் கடிதத்துக்கு "தரைத்தளத்தில் வசதி இல்லை" என்றுதான் பதில் வந்தது. ஆனால் அது முன்கூட்டியே வந்தது. வண்டி வாடகையும் ஒரு நாள் அலைச்சலும் மிச்சம். அந்தப் பதிலே 38ஆம் பிரிவுக்கு ஆதாரமாகவும் ஆனது. உடல் இயலாமையால் ஆபத்தோ பெரும் சிரமமோ இல்லாமல் அலுவலகம் வர முடியாதவருக்காக, அதிகாரி வீட்டுக்கு வர வேண்டும், அல்லது விசாரிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டினோம், அதிகாரி வந்தார், அல்ஹம்துலில்லாஹ் பத்திரம் பதிவானது.

வீட்டுக்கு வருவது இந்தப் பதிவு வேலைக்கு உள்ள வழி. ஸ்கேன் எடுக்க மருத்துவமனை போவதற்கு அது பொருந்தாது. அங்கே கீழ்த்தள வாசலையும் கூட்டம் குறைந்த நேரத்தையும் கேளுங்கள். ஸ்கேன் மேசைக்கு மாற்றிவிட ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள். அரசு அலுவலகம் பதிலே தராவிட்டால், ஒப்புகை நகலோடு திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பொதுக் கட்டடங்களில் வழி அமைப்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கடமை. நாம் கேட்பது சலுகை அல்ல.

உங்கள் வீட்டில் அத்தாவோ பாட்டியோ நாற்காலியில் இருந்தால், இந்தக் கடிதத்தின் மாதிரிப் படி நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கிறது. அகலத்தை அளந்துகொண்டு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். நம் அலுவலக வாசலிலும் ஒரு படி இருக்கிறது. வருவதற்கு முன் சொல்லுங்கள், நாங்கள் வெளியே வருகிறோம்.

வஸ்ஸலாம்.