அந்தச் சிரிப்பு யாருக்காக?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் எமது வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். எங்களுடன் படித்த ஒருத்தியின் தகப்பனார் காலமானார். எட்டுச் செலவு முடிந்து அவள் வகுப்புக்கு வந்த அன்று, புதிதாக வந்திருந்த ஆசிரியை ஒருவர் வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டார். அவள் எழுந்து நின்று சிரித்தாள். "சிரிப்பு வேறயா?" என்று ஆசிரியை அவளை வெளியே நிற்க வைத்தார். எங்களுக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பை எப்படி விளங்கிக்கொள்வது என்பது பிற்காலத்தில் எங்களிற் சிலர் உளவியல் படித்தபோதுதான் ஒரு பெரிய கேள்வியாக எங்கள் முன் வந்தது.

உள்ளத்து உணர்ச்சி முகத்தில் ஒரே விதமாகத்தான் தோன்றுமா, அல்லது ஊருக்கு ஊர் வேறுபடுமா என்பதே அந்தக் கேள்வி. முகபாவங்களும் மொழியைப் போலக் கற்றுக்கொள்ளப்படுபவையே என்று ஒரு காலத்தில் மானிடவியலாளர் பலர் கருதினார்கள். அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன் இதைச் சோதிப்பதற்காக 1967இலும் 1968இலும் பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் வாழும் போரே மக்களிடம் சென்றார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த, சினிமாப் படம் பார்த்திராத ஆட்களையே அவர் தேடினார். ஒரு சிறு கதையைச் சொல்லி, மூன்று முகப் படங்களைக் காட்டி, கதையில் வருபவரின் முகம் எது என்று கேட்டார். பிள்ளை இறந்துவிட்டது என்பது ஒரு கதை. நண்பர்கள் வந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. காட்டுப்பன்றி வாசலில் நிற்கிறது என்பது வேறொன்று. பெரும்பாலானோர் அமெரிக்கர் தெரிந்த அதே முகத்தையே தெரிந்தார்கள். அச்சத்தையும் வியப்பையும் மாத்திரம் அவர்களால் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியவில்லை.

அப்படியானால், துக்கத்திலும் சிரிக்கும் மனிதர்களை என்ன சொல்வது? இதற்கு எக்மனும் அவருடைய சகாவான வொலஸ் பிரீசனும் 1969இல் கொடுத்த விடைதான் 'வெளிப்பாட்டு விதிகள்' என்பது. உணர்ச்சி எழும்போது முகத் தசைகள் எல்லோரிடத்திலும் ஒரே விதமாக அசையத் தொடங்குகின்றன. ஆனால் யார் முன்னிலையில் எதைக் காட்டலாம் என்பதைச் சமூகம் சிறு வயதிலேயே பழக்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தினால் நாம் உணர்ச்சியைக் கூட்டிக் காட்டுகிறோம், குறைத்துக் காட்டுகிறோம், ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறோம், அல்லது வேறொரு முகத்தால் மூடிவிடுகிறோம். பிடிக்காத பரிசை வாங்கிக்கொண்டு முகம் மலர நின்ற அனுபவம் இந்த மண்டபத்தில் இல்லாதவர் யார்?

இந்தக் கருத்துக்கு ஆதாரமாக எல்லாப் பாடநூல்களிலும் வரும் பரிசோதனை ஒன்று உண்டு. அது 1972இல் பிரீசன் தம் கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்தது. யப்பானிய மாணவர் 25 பேரும் அமெரிக்க மாணவர் 25 பேரும் தனித்தனியே இருந்து, சத்திரசிகிச்சை போன்ற மனத்தை வருத்தும் காட்சிகள் கொண்ட படங்களைப் பார்த்தார்கள். மறைவாக வைத்த கமெரா அவர்களுடைய முகங்களைப் பதிவு செய்தது. தனியே இருந்தபோது இரு நாட்டவரின் முகங்களும் பெரும்பாலும் ஒரேமாதிரிச் சுளித்தன. பின்னர் அவரவர் நாட்டைச் சேர்ந்த ஒருவர் உள்ளே வந்தார். அவர் முன்னிலையில் படம் மீண்டும் ஓடியபோது, யப்பானியர் அமெரிக்கரைவிடக் கூடுதலாகப் புன்னகை செய்தார்கள். உள்ளே எழுந்த அருவருப்பைப் புன்னகையால் மூடினார்கள் என்று பாடநூல்கள் இதற்கு விளக்கம் கூறின.

நாங்களும் அதை அப்படியே படித்து, அப்படியே பரீட்சையில் எழுதினோம். ஆனால் பிரீசனின் ஆய்வேடு நூலாக வெளிவரவில்லை. மற்றவர்கள் சுருக்கிச் சொன்னதையே பெரும்பாலானோர் படித்தார்கள். அலன் பிரிட்லண்ட் என்னும் உளவியலாளர் மூல ஆய்வேட்டை எடுத்துப் படித்து, 1994இல் ஒரு முக்கியமான விடயத்தைச் சுட்டிக்காட்டினார். உள்ளே வந்தவர் சும்மா பக்கத்தில் இருக்கவில்லை. அவர் மாணவரை நேரே பார்த்தபடி இருந்து, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மனநிலை பற்றிக் கேள்வி கேட்டார். ஒருவர் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்டால், மரியாதைக்காக ஒரு புன்னகையுடன் பதில் சொல்வதில்லையா? அது அருவருப்பை மூட வந்த சிரிப்பா, எதிரே இருந்தவருக்குச் சொன்ன வணக்கமா? அந்தப் பரிசோதனையைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. பிரிட்லண்டின் கருத்துப்படி முகம் உள்ளத்தின் கண்ணாடி அல்ல. எதிரே நிற்பவருக்கு நாம் அனுப்பும் செய்தி அது.

போரே மக்களிடம் செய்த ஆய்வையும் கேள்விகள் விடவில்லை. அதே 1994இல் ஜேம்ஸ் ரசல் என்பவர், விடைகளை முன்கூட்டியே கொடுத்துத் தெரியச் சொல்வதில் உள்ள குறையை எடுத்துக்காட்டினார். பிள்ளை இறந்த கதைக்கு, சிரிக்கும் முகம், கோபமுகம், வாடிய முகம் ஆகிய மூன்றையும் ஒருவரிடம் காட்டுகிறோம் என்று வையுங்கள். முதல் இரண்டும் பொருந்தாது என்று தள்ளினாலே மூன்றாவது கையில் வந்துவிடும். பல்தேர்வு வினாத்தாளில் நாங்கள் எல்லோரும் செய்த வித்தைதானே அது! தாமாகவே ஒரு சொல்லைச் சொல்லும்படி கேட்டால் உடன்பாடு குறைந்துவிடுகிறது.

2016இல் பப்புவா நியூகினியைச் சேர்ந்த ட்ரோபிரியண்ட் தீவுகளிலிருந்து ஒரு முடிவு வந்தது. கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை நாம் அச்சம் என்போம். ஸ்பானிய இளைஞரும் அப்படியே சொன்னார்கள். அத்தீவின் இளைஞரோ அதைக் கோபமாக, அச்சுறுத்த வருபவரின் முகமாகக் கண்டார்கள். வெளிப்பாட்டு விதியைக் கொண்டு இதை விளக்குவது கடினம். ஏனெனில் இங்கே எவரும் எதையும் மறைக்கவில்லை. ஒரே படத்தையே இரு சாராரும் இரு விதமாக வாசித்தார்கள்.

இதனால் எக்மன் சொன்னது முழுவதும் பிழை என்று ஆகிவிடாது. பல சமூகங்களில், குறிப்பாக மகிழ்ச்சி முகத்தை, மக்கள் தற்செயலாக நடக்கக்கூடிய அளவைவிட நன்றாகவே அடையாளம் காண்கிறார்கள். ஆனால் ஒரு முகத்தை மாத்திரம் பார்த்து ஒருவரின் உள்ளத்தைச் சொல்லிவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு அந்த ஆதாரம் போதாது. விவாதம் இன்றும் முடியவில்லை.

இப்போது எங்கள் தோழியிடம் திரும்பி வருகிறோம். எக்மனைக் கேட்டால், அவள் துக்கத்தைச் சிரிப்பால் மூடினாள், பெரியவர் முன் அழக்கூடாது என்ற விதி அவளுக்குள் இருந்தது என்பார். பிரிட்லண்டைக் கேட்டால், "தயவுசெய்து இதற்கு மேல் கேட்காதீர்கள்" என்பதை அவள் ஆசிரியைக்குச் சொன்னாள் என்பார். இரண்டில் எது சரி என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பை மட்டும் வைத்து அவளைத் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்ட இருவருமே இடம் தரமாட்டார்கள். அதை அறிய ஒரு வழி இருந்தது. வகுப்பு முடிந்தபின் அவளைத் தனியே கூப்பிட்டு, "என்ன பிள்ளை, வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டிருக்கலாம்.

அந்த ஆசிரியையை நாங்கள் குறை சொல்லவில்லை. விஷயம் தெரிந்திருந்தும் முப்பத்தெட்டுப் பேர் பேசாமல் இருந்தோமே! எங்கள் முகங்களிலும் அன்று ஒன்றும் தெரிந்திருக்காது. இன்று எங்களிற் பலர் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் தாய்மாராகவும் இருக்கிறோம். எதிரே நிற்கும் பிள்ளை பொருந்தாத இடத்தில் சிரித்தால், அவளை எங்களுக்கு நினைவு வரும்.