விழுந்த சுவிட்ச் சொல்லும் செய்தி



ஒரு மழைநாள் மாலை, என்னிடம் தோட்டப் பள்ளியில் படித்த ஒருவர் பாடாங் செராயிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். "சார், வீடு முழுக்க கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டில் எரிகிறது. எதைத் தூக்கிவிடுவது?" என்று கேட்டிருந்தார். படத்தில் இருந்தது அவர் வீட்டு மின்பெட்டி. அதைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

இடப்பக்கம் மெயின் சுவிட்ச். அடுத்து 'T' என்று எழுதிய சிறு பொத்தானுடன் ஓர் அகலமான சுவிட்ச். அதன் முகத்தில் 0.1A. ஆர்.சி.சி.பி. என்பது இதுதான். பிறகு ஒல்லியான சுவிட்சுகள் ஐந்து: C6, C6, C20, C20, C20. ஒட்டிய சீட்டில் விளக்குக்கு 'லாம்பு', பிளக்குக்கு 'சோக்கெட்' என்று மலாயில் எழுதியிருந்தது. எண்தான் ஆம்பியர். 20 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 4,600 வாட் வரும். அதற்கு மேல் நீண்ட நேரம் இழுத்தால் அந்தச் சுவிட்ச் விழும். கம்பி சூடேறாமல் காப்பது அதன் வேலை.

ஒல்லியானது ஒன்று விழுந்திருந்தால், அந்தக் கம்பியில் சுமை கூடிவிட்டது, அல்லது ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். தூக்கிய கணமே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். சிறிது நேரம் நின்று விழுந்தால் சுமை. இந்தப் படத்திலோ ஒல்லியானவை ஐந்தும் மேலே நிற்க, அகலமானது கீழே கிடந்தது. போன மின்சாரம் முழுதாகத் திரும்பவில்லை, எங்கோ தரைக்குக் கசிகிறது என்று அது சொல்கிறது. அந்த 0.1 ஆம்பியர் ஆளைக் கொல்லவும் போதும். ஆகவே அது காவல் இருக்கிறதென்று ஈரக் கையால் எதையும் தொடக்கூடாது.

ஐந்தையும் இறக்கிவிட்டு, பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். ஒல்லியான சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. மற்றக் கம்பி தொடுப்பிலேயே இருப்பதால், கழற்றாவிட்டால் கசிவு மறைந்து நின்று ஏமாற்றும். பிறகு அகலமானதை முழுக்கக் கீழே அழுத்தி மேலே தூக்கினார், நின்றது. நிற்காமல் விழுந்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட வேண்டியதுதான். ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கினார்; எதுவும் விழவில்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகினார். சமையலறையில் மின்கெண்டியைச் செருகிப் போட்டதும் அகலமானது 'டக்' என்று விழுந்தது. கெண்டியின் அடியில் ஈரம்.

இன்னொன்றும் தெரிந்தது. சமையலறைக்கான சுவிட்சின் சீட்டில் 'ஹால்' என்று இருந்தது! யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஹாலை அணைத்ததாக நம்பி சமையலறைப் பிளக்கைத் திறந்தால் என்ன ஆகும்? சீட்டை நம்பாமல், ஒவ்வொன்றாக இறக்கி, எது அணைகிறதென்று பார்த்து எழுத வேண்டும். படம் காட்டாத ஒன்றும் உண்டு. அது கம்பியின் கனம். அடிக்கடி விழுகிறதே என்று C6-ஐக் கழற்றி C20 போட்டால் சுவிட்ச் விழாது. விளக்கின் மெல்லிய கம்பிதான் கருகும்.

மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு படம் வந்தது. புதிய சீட்டு, பென்சில் எழுத்து. கெண்டி குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டதாம்.