அளவான பணத்தில் அழகான உடை

மாணவ நண்பர்களே,

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டு ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகருக்குப் புறப்படவிருக்கிறார். உடை வகைகளுக்கென்று உள்ளூர்க் கடைக்காரர் 45,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்ததாகவும், அதற்காகத் தம் அன்னையார் வளையல்களை அடகு வைக்க முனைந்திருப்பதாகவும் எனக்கு எழுதியிருந்தார். அவருக்கு நான் எழுதிய விடையை இன்று உங்களுக்கும் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் கடைக்காரரின் பட்டியலும் கிடைத்தன. வளையல்கள் அன்னையாரின் கையிலேயே இருக்கட்டும். பட்டியலில் உள்ள தடித்த மேலங்கியையும் இரண்டு முழு சூட்டுகளையும் இங்கே வாங்க வேண்டா. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

1888-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சட்டம் பயில லண்டன் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பம்பாயில் தைத்துக்கொண்டு சென்ற ஆடைகள் அங்கே பொருந்தாவென்று கருதி மீண்டும் புதியன வாங்கினார். 19 ஷில்லிங்கு கொடுத்து உயரமான தொப்பி ஒன்றும், 10 பவுன் செலவில் மாலைநேர உடை ஒன்றும் வாங்கியதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். போகுமிடத்தின் குளிரையும் வழக்கத்தையும் காணுமுன் வாங்கும் உடைக்கு இருமுறை விலை கொடுக்க நேரிடும் என்பதை இதிலிருந்து நாம் அறியலாம். ஆகவே உன் உடைகளை இரண்டாகப் பிரித்துக்கொள். தையற்கூலி மிகுந்தவற்றை இங்கே தைத்துக்கொள். குளிருக்குரியவற்றை அங்கே வாங்கு.

முதலில் இங்கே செய்ய வேண்டியது. நம் ஊரில் தையற்கூலி குறைவு. அங்கோ ஒரு காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பதற்கே நல்ல தொகை கேட்பார்கள். எனவே நான்கு சட்டைகளும் இரண்டு காற்சட்டைகளும் உன் உடலுக்கு அளவெடுத்துத் தைத்துக்கொள். சட்டைகள் வெள்ளையும் வெளிர்நீலமுமாக இருக்கட்டும்; காற்சட்டைகளில் ஒன்று கருநீலமாகவும் மற்றொன்று சாம்பல் நிறமாகவும் இருக்கட்டும். அப்போது எந்தச் சட்டையும் எந்தக் காற்சட்டைக்கும் பொருந்தும். ஆறு உருப்படிகள் எட்டு வகை உடைகளாகும்.

உடை அழகாகத் தோன்றுவது விலையால் அன்று, அளவால்தான். அளவு சரியா என்பதை மூன்று இடங்களில் பார். தோளின் தையல் தோளெலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். சட்டைக் கையின் விளிம்பு மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும். காற்சட்டையின் கீழ் விளிம்பு காலணியின் மேற்புறத்தைத் தொட்டு நிற்க வேண்டும். அதன்மேல் மடிந்து குவியலாகாது. தையற்காரரிடம் ஒன்றைச் சொல்ல மறவாதே: இடுப்புத் தையலின் உள்ளே ஓர் அங்குலத் துணியை வெட்டாமல் விடச் சொல். புதிய உணவில் உடல் பருத்தால், அத்துணியைக் கொண்டு நீயே பிரித்துத் தைத்துக்கொள்ளலாம்.

இனிக் குளிரைப் பற்றிச் சொல்கிறேன். எடின்பரோவில் சனவரி மாதத்துப் பகல் ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ் அளவிலும், இரவு ஒன்றிரண்டு பாகை அளவிலும் இருக்கும். இது உறைபனி நாடுகளின் கடுங்குளிர் அன்று. ஆனால் காற்றும் தூறலும் சேர்ந்து வருத்தும். காற்றில் குடை நில்லாது. வகுப்பறைக்குள் நுழைந்தாலோ வெப்பமூட்டி இருக்கும். தடித்த ஒரே மேலங்கியை நம்பினால் வெளியே நனைவாய். உள்ளே அதைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு அமர்வாய்.

நம்மைக் குளிரிலிருந்து காப்பது துணியின் கனம் மட்டுமன்று. துணியின் இடையே அசையாது நிற்கும் காற்றே பெரிதும் காக்கிறது. ஆகையால் மெல்லிய அடுக்குகளாக உடுத்துதல் வேண்டும். உடலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழையாலான உள்ளாடை, அதன்மேல் சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றிற்கும் மேலே காற்றும் மழையும் புகாத, தலைமூடி உள்ள மழைக்கோட்டு. அறைக்குள் வந்ததும் மேலடுக்கு ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாம். உடலை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருத்தல் ஆகாது. பருத்தி வியர்வையை உறிஞ்சிவைத்து உடலோடு ஒட்டும். ஈரம் ஆவியாகும்போது உடற்சூட்டையும் கவர்ந்து செல்லும். கம்பளியோ ஓரளவு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் சூட்டைக் காக்கும்.

இவற்றை எங்கே வாங்குவது? அந்நாட்டு நகரங்களில் அறநிறுவனங்கள் நடத்தும் கடைகள் பல உண்டு. மக்கள் கொடையாக அளிக்கும் பழைய பொருள்களைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுவார்கள். ஆக்ஸ்பாம் என்னும் நிறுவனம் 1940-களின் இறுதியிலேயே ஆக்ஸ்போர்டு நகரில் இத்தகைய கடையைத் தொடங்கிவிட்டது. வசதியுள்ளோரும் அங்கே வாங்குவார்கள். அதில் இழிவு ஏதும் இல்லை.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஸ்வெட்டரை வெளிச்சத்திற்கு நேரே விரித்துப் பிடி. அந்துப்பூச்சி அரித்த சிறு துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். உள்ளே தைத்திருக்கும் சீட்டில் கம்பளி எத்தனை விழுக்காடு என்று படி. மழைக்கோட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பார். தையல்களின்மேல் ஒட்டிய நாடா உரிந்திருந்தால் மழை உள்ளே புகும். ஸ்வெட்டர் அணிந்தபடியே அதனைப் போட்டுப் பார். கைகளை முன்னே நீட்டும்போது முதுகு இறுகக்கூடாது. கோட்டின் கை நீண்டிருந்தால் குறைத்துக்கொள்ளலாம். தோள் பெரிதாக இருந்தால் விட்டுவிடு. தோளைத் திருத்துவதற்குக் கோட்டின் விலையைவிட மிகுதியாகச் செலவாகும்.

கணக்கையும் பார்ப்போம். உன்னிடம் 140 பவுன் இருப்பதாகக் கொள். மழைக்கோட்டுக்கு 30, விழாக்களுக்கான கம்பளிக் கோட்டுக்கு 20, இரண்டு ஸ்வெட்டர்களுக்கு 20, புதிய உள்ளாடை இரண்டு இணைகளுக்கு 20, கையுறைக்கும் குல்லாய்க்கும் 10 என்று ஒதுக்கு. எஞ்சிய 40 பவுனையும் காலணிக்கே வைத்துக்கொள். காலணியை மட்டும் பழையதாக வாங்காதே. அது முன்பு அணிந்தவரின் பாதத்திற்கேற்ப வளைந்திருக்கும்; உன் காலைப் புண்ணாக்கும். கடைக்குக் கடை விலை மாறலாம். ஆயினும் எதற்கு எவ்வளவு என்னும் இந்த முறை மாறவேண்டியதில்லை. இந்த 140 பவுன் உன் கடைக்காரர் கேட்ட தொகையில் பாதிக்கும் குறைவே.

இறுதியாக, துவைத்தல் பற்றி ஒரு சொல். கம்பளி இழையின்மேல் மீன் செதிள் போன்ற நுண்ணிய செதிள்கள் உள்ளன. வெந்நீரில் இட்டு அலசினால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஸ்வெட்டர் சிறுபிள்ளையின் சட்டை அளவிற்குச் சுருங்கிவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவிற்கு வராது. ஆகவே அதனைக் குளிர்ந்த நீரில், கம்பளிக்குரிய சோப்பு நீர்மத்தில் மெல்ல அலசு. முறுக்கிப் பிழியாதே, துண்டில் சுற்றி அழுத்து. கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தால் நீண்டுவிடும். மேசைமேல் துண்டு விரித்து அதன்மேல் பரப்பி உலர்த்து. ஒவ்வொரு முறை அணிந்தபின்பும் துவைக்க வேண்டியதில்லை; ஓரிரவு காற்றாட வைத்தால் பெரும்பாலும் போதும்.

சட்டைத் துணி எடுக்க நாளையே அன்னையாரையும் அழைத்துச் செல். துணியைக் கசக்கிப் பார்த்துத் தரம் சொல்வதில் அவர்களுக்கு உள்ள பழக்கம் உனக்கு இல்லை. வேட்டி ஒன்றும் எடுத்துக்கொள்; பொங்கலன்று அங்குள்ள நம்மவர்கள் கூடுவார்கள்.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் ஆசிரியன்.