நூறு சதவீதம் என்றால் எத்தனை பேர்?



1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்றது அது. அதாவது, நூறு சதவீதம் அதிகம். பயந்துபோன பல பெண்கள் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டது.

அந்த எச்சரிக்கை பொய் இல்லை. ஆனால் எதிலிருந்து இரண்டு மடங்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. முந்தைய தலைமுறை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் ஆண்டுக்கு 7000 பேரில் ஒருவருக்கு ரத்தக் கட்டி வந்தது. புதிய மாத்திரையில் அது 7000 பேரில் இரண்டு பேர் ஆனது. ஒன்று இரண்டானால் நூறு சதவீத உயர்வுதான்; கூடியது என்னவோ 7000 பேரில் ஒருவர்.

ஒப்பீட்டையும் கவனியுங்கள். புதிய மாத்திரையை ஒப்பிட்டது பழைய மாத்திரையோடு. மாத்திரையை நிறுத்தும் பெண் கருவுறவும் கூடும். கர்ப்ப காலத்திலோ, 7000 பேரில் சுமார் நான்கு பேருக்கு ரத்தக் கட்டி வரலாம் என்று அப்போதே கணக்கு இருந்தது. சின்ன ஆபத்துக்குப் பயந்தவர்கள் பெரிய ஆபத்தின் பக்கம் போனார்கள்.

இப்போது அந்த எச்சரிக்கையைத் திருத்தி எழுதுவோம். 'பழைய மாத்திரை சாப்பிடும் 7000 பெண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கு ரத்தக் கட்டி வருகிறது. புதிய மாத்திரையில் இரண்டு பேருக்கு வருகிறது. கர்ப்ப காலத்தில் சுமார் நான்கு பேருக்கு வருகிறது.' யாருக்கு, எவ்வளவு காலத்தில், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்ற மூன்றும் இதில் இருக்கின்றன.

இதிலும் ஒரு இடத்தில் சறுக்கலாம். '7000 பேரில் ஒருவர், 3500 பேரில் ஒருவர்' என்று எழுதினாலும் கணக்கு சரிதான். ஆனால் காதில் கேட்பவருக்கு, 7000 என்ற பெரிய எண்தான் பெரிய ஆபத்தாகப் படும். அதனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே 7000 இருக்கட்டும்.

'ஒரே ஒருவர்தானே' என்று சொல்லி ஆபத்தை மூடிவிடவும் கூடாது. பத்து லட்சம் பெண்கள் அந்தப் புதிய மாத்திரைக்கு மாறினால், ஆண்டுக்குச் சுமார் 140 பேருக்குக் கூடுதலாக ரத்தக் கட்டி வரும். அரசுக்கும் மருத்துவத் துறைக்கும் அது கவனிக்க வேண்டிய எண். தன் மாத்திரையைத் தொடரலாமா என்று யோசிக்கும் பெண்ணுக்குத் தேவை 7000 பேரின் கணக்கு. எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறார் என்று முடிவு செய்துகொண்டு, அதற்குரிய எண்ணை முதலில் சொல்ல வேண்டும். சதவீதம் அதன் பின்னால் வரலாம்.