வெண்தூளின் ஆற்றல் இடைவெளி

வெள்ளைப் பெயின்ட்டிற்கு வெண்மை தரும் டைட்டேனியம் டை-ஆக்சைடு என்னும் தூளை நீங்கள் அறிவீர்கள். அதில் ஒரு கரண்டி எடுத்து, விளக்குக்கரியைச் சிறிது சேர்த்துக் கல்வத்தில் அரைத்தால் சாம்பல் நிறத் தூள் கிடைக்கும். கரி சேர்ந்ததனால் டைட்டேனியம் டை-ஆக்சைடின் படிக அமைப்பு சிறிதும் மாறவில்லை. ஆயினும் இரு தூள்களையும் ஒரே கருவியில் அளந்து, வழக்கமான முறையில் வரைபடம் இட்டால், சாம்பல் தூளின் ஆற்றல் இடைவெளி குறைந்துவிட்டது என்று அவ்வரைபடம் கூறும். உண்மையில் நடவாத மாற்றத்தை வரைபடம் காட்டுவது ஏன்? அதனை இன்று ஆராய்வோம்.

முதலில் ஆற்றல் இடைவெளி என்பது யாது? குறைகடத்தி ஒன்றில் எலெக்ட்ரான்கள் கட்டுண்டு நிற்கும் ஆற்றல் பட்டை ஒன்று; அவை உலவித் திரியக்கூடிய பட்டை மற்றொன்று. இரண்டிற்கும் நடுவே எலெக்ட்ரான் தங்க முடியாத வெற்றிடம் உண்டு. அதனைத் தாண்டப் போதிய ஆற்றலுள்ள ஒளியை மட்டுமே அப்பொருள் உட்கவரும். அலை நீளத்தை நானோமீட்டரில் எடுத்து, 1240 என்னும் எண்ணை அதனால் வகுத்தால், ஒளியின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். அனட்டேஸ் எனப்படும் டைட்டேனியம் டை-ஆக்சைடு வகைக்கு இவ்விடைவெளி ஏறத்தாழ 3.2 எலெக்ட்ரான் வோல்ட். அதற்குரிய அலை நீளம் 388 நானோமீட்டர். அது கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாப் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே கட்புலனாகும் ஒளியை அனட்டேஸ் உட்கவர்வதில்லை; அதன் தூள் வெண்மையாகத் தோன்றுகிறது.

தெளிவான கண்ணாடித் தகடு போன்ற பொருளாயின், அதனூடே சென்று வெளிவரும் ஒளியை அளந்து உட்கவர்தலைக் கணக்கிடலாம். தூளில் அது இயலாது. தூளினுள் புகுந்த ஒளி துகளுக்குத் துகள் மோதித் திசை மாறி, எத்திக்கிலும் சிதறி வெளிவருகின்றது. இதனைப் பரவல் எதிரொளிப்பு என்பர். சிதறிய ஒளி அனைத்தையும் திரட்டுவதற்கு, உட்புறம் வெண்பூச்சு பூசிய உள்ளீடற்ற கோளம் ஒன்று கருவியில் இருக்கும். முதலில் பேரியம் சல்பேட் போன்ற தூய வெண்பொருளை அதன் வாயில் வைத்து அளந்து, அதனை நூறு விழுக்காடு என்று கொள்வர். பின்னர் நம் தூளை வைத்து, ஒவ்வோர் அலை நீளத்திலும் எத்தனை விழுக்காடு ஒளி திரும்புகிறது என்று குறிப்பர். தூள் அடுக்கு, ஒளி மறுபுறம் ஊடுருவாத அளவு தடிப்பாக இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரும்பாலும் போதும்.

திரும்பிய ஒளியிலிருந்து உட்கவர்தலுக்குச் செல்லும் வழியை 1931-ஆம் ஆண்டில் குபெல்கா, முங்க் என்னும் இருவர் வகுத்தனர். அவர்கள் ஆராய்ந்தது குறைகடத்தியை அன்று. பெயின்ட்டுப் பூச்சு எவ்வாறு ஒளியைத் திருப்புகிறது என்பதையே. எதிரொளிப்பைப் பின்னமாக எழுதுங்கள். ஒன்றிலிருந்து அதனைக் கழித்து, வந்ததை வர்க்கப்படுத்தி, எதிரொளிப்பின் இருமடங்கால் வகுங்கள். கிடைக்கும் எண், பொருள் ஒளியை உட்கவரும் அளவிற்கும் சிதறச் செய்யும் அளவிற்கும் உள்ள விகிதமாகும். சிதறல் எல்லா அலை நீளங்களிலும் ஏறத்தாழ ஒன்றே எனக் கொண்டால், இவ்வெண் உட்கவர்தலின் போக்கையே காட்டும். இதனைக் குபெல்கா எண் என்று சுருக்கமாக அழைப்போம்.

இனி வரைபடம். பிராகு நகரில் பணியாற்றிய யான் டவுட்ஸ் என்னும் இயற்பியலாளர், உருமேனிய அறிஞர் இருவருடன் சேர்ந்து 1966-இல் படிக ஒழுங்கற்ற ஜெர்மேனியத்தை ஆராய்ந்தபோது இம்முறையைக் கையாண்டார். அவர் பெயரை ஆங்கில எழுத்தைக் கண்டு "டாக்" என்று படிப்போரே நம்மிடை மிகுதி. உட்கவர்தலை ஒளியின் ஆற்றலால் பெருக்கி, அப்பெருக்கத்தை உரிய அடுக்கிற்கு உயர்த்தினால், இடைவெளியை அடுத்த பகுதியில் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். அக்கோட்டை நீட்டினால் கிடையச்சைத் தொடும் இடமே ஆற்றல் இடைவெளி. உரிய அடுக்கு எது என்பது பொருளைப் பொறுத்தது. எலெக்ட்ரான் நேரடியாகத் தாவக்கூடிய பொருள்களுக்கு வர்க்கம். படிக அதிர்வின் துணையுடன் மட்டுமே தாவும் மறைமுகப் பொருள்களுக்கு வர்க்கமூலம். அனட்டேஸ் இரண்டாம் வகை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. வெண்ணிற அனட்டேஸ் தூள் 376 நானோமீட்டரில் 51 விழுக்காடு ஒளியைத் திருப்புகிறது. 360 நானோமீட்டரில் 22 விழுக்காடு. முதலாவதன் ஆற்றல் 3.298, குபெல்கா எண் 0.235, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 0.88. இரண்டாவதன் ஆற்றல் 3.444, குபெல்கா எண் 1.38, வர்க்கமூலம் 2.18. ஆற்றலில் 0.146 ஏற, நிலையச்சில் 1.30 ஏறியுள்ளது. அதே சரிவில் கீழே இறங்கினால் கோடு கிடையச்சை 3.20-இல் தொடுகிறது. இதுவே நாம் எதிர்பார்த்த விடை.

இதே அளவுகளுக்கு வர்க்கமூலத்திற்குப் பதில் வர்க்கம் எடுத்தால் என்னாகும்? நடுவில் 370 நானோமீட்டரில் 36.5 விழுக்காடு என்ற மூன்றாவது புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்க்கமூல வரைபடத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். வர்க்க வரைபடத்திலோ மேல்நோக்கி வளைந்துவிடும். வளைவின் செங்குத்தான மேற்பகுதியில் கோட்டை வைத்து நீட்டுவோர்க்கு 3.33 என்ற விடை வரும். அளவு ஒன்றே, அடுக்கை மாற்றியதால் விடை 0.13 மாறியது. ஆகவே எந்த அடுக்கில் நேர்கோடு அழகாக வருகிறதோ அதுவே பொருளின் வகை என்று முடிவு கட்டுவது தவறு. மிகக் குறுகிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்த வளைவும் நேர்கோடாகவே தோன்றும். பொருளின் வகையை வேறு ஆய்வுகளால் முன்னரே அறிந்து, அதன்பின் அடுக்கைத் தேர்தல் வேண்டும்.

இப்பொழுது கரிக்கு வருவோம். கரி எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒன்றுபோல் உட்கவர்கிறது. ஆகவே சாம்பல் தூளின் குபெல்கா எண், ஒவ்வோர் அலை நீளத்திலும் வெண்தூளின் எண்ணைவிட ஒரே அளவு மிகுந்திருக்கும். அம்மிகுதி 0.6 என்று கொள்வோம். அப்படியாயின் கட்புல ஒளியில் இத்தூள் 35 விழுக்காடு ஒளியையே திருப்பும். முன்பு 0.235 ஆக இருந்தது 0.835 ஆகும், 1.38 ஆக இருந்தது 1.98 ஆகும். வர்க்கமூல வரைபடத்தில் புள்ளிகள் 1.66, 2.61 என்று உயரும். இவ்விரு புள்ளிகளையும் இணைத்துக் கிடையச்சு வரை நீட்டினால், அது தொடும் இடம் 3.04!

கரித்துகள் படிகத்தை மாற்றாதபோது 0.16 எலெக்ட்ரான் வோல்ட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. டவுட்ஸ் முறையில் கிடையச்சு வரை கோட்டை நீட்டுவதற்கு ஓர் அடிப்படை உண்டு: இடைவெளிக்குக் கீழே உட்கவர்தல் இல்லை, வரைபடத்தின் தரை சுழியில் உள்ளது என்பதே அது. கரி கலந்த தூளில் தரை உயர்ந்துவிட்டது. உயர்ந்த தரையின் மீது நிற்கும் மதிலைத் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே நீட்டினோம். அதனால் கோடு இடப்புறம் தள்ளிச் சென்று அச்சைத் தொட்டது.

இது விளையாட்டுக் கணக்கு அன்று. டைட்டேனியம் டை-ஆக்சைடு புற ஊதா ஒளியில் அழுக்கைச் சிதைக்கும் வினையூக்கி. கதிரவன் ஒளியில் புற ஊதாப் பகுதி மிகச் சிறிது. ஆகவே இடைவெளியைக் குறைத்து, கட்புல ஒளியிலும் அதனை வேலை செய்ய வைக்கப் பலர் முயல்கின்றனர். வேற்று அணுக்களையோ சாயத்தையோ சேர்த்த தூளை அளந்து, நாம் கரித்தூளுக்குச் செய்ததுபோல் கோட்டை நீட்டி, இடைவெளி குறைந்தது என்று எழுதினால், தூள் ஒளியில் ஏன் வேலை செய்யவில்லை என்று பின்னர்த் தேடித் திரிய நேரிடும்.

இதற்கு ஒரு திருத்தத்தைப் போலந்து நாட்டின் கிராக்கோ நகர ஆய்வாளர் மூவர் 2018-இல் வலியுறுத்தினர். இடைவெளிக்குக் கீழே உள்ள தரைப்பகுதிக்கும் ஒரு நேர்கோடு வரைய வேண்டும். மதிற்கோடும் தரைக்கோடும் வெட்டும் இடத்தின் ஆற்றலையே விடையாகக் கொள்ள வேண்டும். நம் சாம்பல் தூளுக்கு இவ்வாறு செய்தால் 3.26 வருகிறது. உண்மையான 3.20-ஐ இது சற்றே மிஞ்சுகிறது, எனினும் 3.04-ஐவிட மிக நெருங்கியது. கரியின் பங்கு எங்கும் 0.6 என்று திட்டமாகத் தெரிந்தால் இன்னும் நல்ல வழி உண்டு: வர்க்கமூலம் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு குபெல்கா எண்ணிலிருந்தும் 0.6-ஐக் கழித்துவிடுங்கள், 3.20 அப்படியே திரும்பும். சாயம் சேர்ந்த தூளுக்கு இது அவ்வளவு எளிதன்று. சாயத்தின் உட்கவர்தல் இடத்துக்கு இடம் ஏறி இறங்கும்.

உண்மையாகவே இடைவெளி குறைந்ததா, தரை மட்டும் உயர்ந்ததா என்று பிரித்தறிவது எங்ஙனம்? வர்க்கமும் வேண்டாம், மூலமும் வேண்டாம். இரு தூள்களின் குபெல்கா எண்களை மட்டும் ஆற்றலுக்கு எதிரே ஒரே தாளில் வரைந்து பாருங்கள். இடைவெளி குறைந்திருப்பின் மதில் முழுவதுமே இடப்புறம் பெயர்ந்திருக்கும், 2.5 எலெக்ட்ரான் வோல்ட் போன்ற தொலைவில் தரை பழையபடி சுழியில் கிடக்கும்; தூளும் ஏறக்குறைய வெண்மையாகவே இருக்கும். நம் கரித்தூளிலோ மதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது, 2.5-இலும் 3.4-இலும் இரு வளைவுகளுக்கும் இடையே அதே 0.6 வேறுபாடு காணப்படுகிறது.

மதிலின் உச்சியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எதிரொளிப்பு மிகக் குறைந்த இடத்தில் குபெல்கா எண் தாறுமாறாக ஏறும். 5 விழுக்காட்டிற்கு அது 9.0, 4 விழுக்காட்டிற்கு 11.5. கருவியின் ஒரு விழுக்காடு பிழை கோட்டின் சரிவையே மாற்றிவிடும். ஆகவே கடுமையாக உட்கவரும் தூளைப் பேரியம் சல்பேட்டுடன் நன்கு கலந்து நீர்த்த பின்னரே அளப்பர். இரு தூள்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே விகிதத்தில் கலந்து, ஒரே அளவு அரைத்து, மேற்பரப்பைப் பளபளக்க அழுத்தாமல் வைக்கவேண்டும். பளபளப்பான பரப்பு, உள்ளே புகாத ஒளியையும் கோளத்திற்குள் திருப்பிவிடும்.

இடைவெளியை அறிவிக்கும்போது எண்ணை மட்டும் எழுதாமல், எடுத்த அடுக்கு எது, நேர்கோட்டைப் பொருத்திய ஆற்றல் எல்லை எது, தரைக்கோடு வரைந்தோமா இல்லையா என்னும் மூன்றையும் உடன் குறிப்பிடுங்கள். ஓராயிரத்தில் ஒரு பங்கு வரை கணிப்பொறி விடை அச்சிட்டாலும், கோட்டை நீட்டும் எல்லையைச் சற்று நகர்த்தினால் இரண்டாம் தசம இடமே ஆடுவதைக் காணலாம். ஆகவே 3.199 என்று எழுதாமல் 3.20 என்று எழுதினாலே போதும்.